இலங்கைக்கு எந்த மாதம்? அதற்கு முன் எந்தக் கரை?

நீலகிரியில் இருந்து இலங்கைக்குப் போகத் திட்டமிடும் குடும்பங்களில் பல, கடலோடு மலையையும் பார்க்க வேண்டியவை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பி கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் பக்கம் குடியேறியவர்களுக்கு ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் இன்னும் சொந்தபந்தம் இருக்கிறது. அவர்களைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்காக மூன்று நாள் கடற்கரையில் தங்கி வரலாம் என்பதுதான் வழக்கமான திட்டம். எந்த மாதம் போகலாம் என்ற கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே வரி: டிசம்பர் முதல் மார்ச் வரை. அந்த வரி இலங்கையின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். அதை நம்பி டிசம்பரில் திருகோணமலையில் அறை போட்டவர்கள் ஜன்னல் வழியே மழையைத்தான் பார்க்க நேரும்.

இதைப் புரிந்துகொள்ள மலைக்காரர்களுக்கு வானிலைப் பாடம் தேவையில்லை. ஜூலையில் தேவாலாவும் பந்தலூரும் நனைந்து ஊறும்போது கோத்தகிரியில் துணி காயும். நவம்பரில் கோத்தகிரியும் குன்னூரும் மழையில் கிடக்கும்போது கூடலூர் பக்கம் வெயில் எட்டிப்பார்க்கும். தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் மோதி மழையை இறக்கிவிட்டு, மறுபக்கம் வறண்டு இறங்குகிறது. வடகிழக்குக் காற்று அதையே திருப்பிச் செய்கிறது. இலங்கையின் நடுவில் இருக்கும் மலையகமும் இதே வேலையைத்தான் தீவு முழுவதற்கும் செய்கிறது. மே கடைசியில் இருந்து செப்டம்பர் வரை கொழும்பு, காலி, ஹட்டன் பக்கம் கூடலூர் மாதிரி. திருகோணமலை, மட்டக்களப்பு, பதுளை பக்கம் கோத்தகிரி மாதிரி. டிசம்பரில் இருந்து பிப்ரவரி வரை இது தலைகீழ். இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இரு பக்கமும் மாலை இடிமழை.

தேயிலையில் வேலை செய்தவர்களுக்கு இன்னொரு அடையாளமும் கைவசம் இருக்கிறது. ஹட்டனை ஒட்டிய திம்புள்ளைப் பகுதியின் தரமான தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரை வருகிறது. பதுளை, பண்டாரவளை இருக்கும் ஊவாவின் தரமான தேயிலை ஜூலை முதல் செப்டம்பர் வரை வருகிறது. வறண்ட காற்று வீசிக் கொழுந்தின் வளர்ச்சி மட்டுப்படும்போதுதான் அந்த மணம் ஏறும். ஆகவே ஒரு சரிவின் தரக்காலம் எதுவோ அதுவே அந்தப் பக்கத்தின் காய்ந்த காலம்.

மழை அளவு மட்டும் பார்த்தால் ஏமாறுவது எங்கே

மாத மழைச் சராசரியை எடுத்துப் பார்த்து முடிவு செய்பவர்கள் வழக்கமாக ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கொழும்பின் 1961 முதல் 1990 வரையிலான சராசரியை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் சுமார் 60 மில்லிமீட்டர், மார்ச்சில் சுமார் 130, ஏப்ரலில் சுமார் 250, மே மாதத்தில் சுமார் 390. பிறகு இறங்குகிறது: ஜூலையிலும் ஆகஸ்டிலும் சுமார் 120. செப்டம்பரில் மறுபடி 250ஐ நெருங்கி, அக்டோபர், நவம்பரில் 400 பக்கம் போகிறது.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் மார்ச்சும் ஜூலையும் ஒன்றுதான். ஏப்ரலும் செப்டம்பரும் ஒன்றுதான். கடலில் இறங்கிப் பார்த்தால் இவை இரண்டு வேறு உலகங்கள். மார்ச்சில் தென்மேற்குக் கரையில் காற்று ஓய்ந்திருக்கும். மிரிஸ்ஸவில் இருந்து திமிங்கிலம் பார்க்கப் படகுகள் காலையில் வரிசையாகப் புறப்படும். உனவட்டுனவில் பிள்ளைகள் இடுப்பளவு நீரில் விளையாடலாம். ஜூலையில் மழை அதே அளவுதான் என்றாலும் திறந்த இந்தியப் பெருங்கடலில் பல ஆயிரம் கிலோமீட்டர் தடையின்றி வந்த தென்மேற்குக் காற்றும் அலையும் நேராகக் கரையில் மோதும். நீர் கலங்கி மணல் நிறமாகியிருக்கும். கடற்கரையில் சிவப்புக் கொடி பல நாள் இறங்காது. வெயில் அடிக்கிறதே என்று இறங்குபவர்களை அலைக்குப் பின் திரும்பும் இழுவை நீரோட்டம் வெளியே கொண்டுபோகும்.

திருகோணமலையிலும் இதே கதை, காலம் மட்டும் மாறும். அங்கே ஜூனில் மாதம் முழுவதற்கும் சராசரி 30 மில்லிமீட்டருக்கும் குறைவு. நவம்பரிலும் டிசம்பரிலும் மாதத்துக்கு 300க்கு மேல். ஜனவரியில் சுமார் 130. அதாவது கொழும்பின் மார்ச் மாத அளவு. ஆனால் ஜனவரியில் வாடைக்காற்று வங்காள விரிகுடாவில் இருந்து நேரே நிலாவெளிக் கரைக்கு வருவதால் கடல் குளிப்பதற்கு ஏற்றதாக இருக்காது; கரைக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்குப் படகு போவதும் நிச்சயமில்லை.

மழையின் அளவோடு அது பெய்யும் விதத்தையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பின் இடியோடு வந்து இரண்டு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். காலை முழுவதும் உங்கள் கையில் இருக்கும். மே பின்பாதியில் தொடங்கும் பருவமழை அப்படி அல்ல. மூன்று நான்கு நாள் விடாமல் மூடிக்கொண்டு பெய்யும், காற்றும் சேர்ந்துகொள்ளும். கடற்கரைப் பயணத்தைக் கெடுப்பது இரண்டாவது வகைதான். அதனால் எங்கள் கணிப்பில் மழைக்கு மேலே காற்றின் திசையைத்தான் வைக்கிறோம்: காற்று நிலத்தில் இருந்து கடலுக்குப் போகும் கரை அமைதியான கரை, கடலில் இருந்து நிலத்துக்கு வரும் கரை கொந்தளிக்கும் கரை.

புயல்: இரண்டு காலம், இரண்டு விதமான ஆபத்து

வங்காள விரிகுடாவில் புயல் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரையிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் உருவாகும். மே ஒரு உச்சம், நவம்பர் இன்னொரு உச்சம். ஆனால் இரண்டும் இலங்கைக்குச் செய்வது ஒன்றல்ல.

மே மாதப் புயல்கள் பொதுவாக வடக்கு நோக்கி, ஆந்திரா, ஒடிசா, வங்கம் பக்கம் ஏறிவிடும். இலங்கை நேரடியாக அடி வாங்குவது அரிது. ஆனால் அந்தச் சுழற்சி அரபிக்கடல் பக்கத்து ஈரக்காற்றை இழுத்து இலங்கையின் மேற்குச் சரிவில் கொட்டவைக்கும். 2016 மே மாதத்தில் ரோவானு புயல் உருவான நாட்களில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்கள் புதைந்தன. அடுத்த ஆண்டு மே கடைசியில் இரத்தினபுரி, களுத்துறை பக்கம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே நாட்களில் கிழக்குக் கரை இதில் பெரும்பாலும் தப்பியது.

நவம்பர், டிசம்பர்ப் புயல்கள் மேற்காக நகரும். வழியில் இலங்கை நிற்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடக்கைக் கடந்துதான் வந்தது. 1978 நவம்பர் 23 அன்று வந்த புயல் மட்டக்களப்பை நொறுக்கியது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஒரு புயல் திருகோணமலை அருகே கரையேறியது. 2020 டிசம்பர் 2 புரெவி. 2025 நவம்பர் கடைசியில் டித்வா கிழக்குக் கரையில் ஏறி, கடற்கரையைவிட மலையகத்தையே அதிகம் சிதைத்தது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் சாலையும் ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தன. தெற்குக் கரை பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது: 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி, கன்னியாகுமரிக்கு வருமுன் இலங்கையின் தென்மேற்கு மூலையைத் தாக்கியது.

இந்தக் காலத்தைத் தவிர்க்கச் சொல்ல நமக்கென்று ஒரு கூடுதல் காரணமும் உண்டு. கிழக்கில் இருந்து வரும் அதே மழைதான் நம் மலையின் கிழக்குச் சரிவிலும் பெய்கிறது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கத்து மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பர்லியார் பக்கம் பாறை விழுந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபடுவதும், மலை ரயில் நிற்பதும் அக்டோபர், நவம்பரில் வழக்கம். ஆகவே நவம்பர்ப் பயணத்தில் போய்ச் சேரும் இடத்தில் மட்டுமல்லாமல், புறப்படும் இடத்திலும் தடை விழலாம். அக்டோபர் நடுவில் இருந்து டிசம்பர் நடு வரை இலங்கைக்கு எந்தக் கரைக்கும் பயணம் வைக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

நமக்குக் கிடைக்கும் விடுமுறைகளை எடுத்துப் பார்த்தால்

பள்ளிப் பிள்ளைகள் இல்லாத வீடு என்றால் பதில் எளிது. பிப்ரவரி முதல் மார்ச் நடு வரை, தென்மேற்குக் கரை. உறைபனியால் நம் தோட்டங்களில் கொழுந்து குறைந்திருக்கும் காலம் அது. சிறு விவசாயிகளுக்குக் கை ஓய்வு கிடைக்கும். ஊட்டி சீசன் இன்னும் தொடங்காததால் வாடகை வண்டி ஓட்டுபவர்களும் தங்கும் விடுதி நடத்துபவர்களும் நகரலாம். ஹட்டன் பக்கமும் அப்போதுதான் காய்ந்திருக்கும். ஹட்டன் மலையும் தென்மேற்குக் கடலும் ஒரே நேரத்தில் ஒத்துவரும் காலம் இது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு தாழ்வு மண்டலம் கிழக்குக் கரையைக் கடந்ததுபோல் அரிதாக நடக்கும். அதற்காகத் தவிர்க்க வேண்டியதில்லை.

அரையாண்டு விடுமுறை, அதாவது டிசம்பர் கடைசி வாரம், இரண்டாம் தரம். காலி, மிரிஸ்ஸ பக்கம் கடல் தணிந்துவிட்டிருக்கும், ஆனால் மழை முழுதாக ஓய்ந்திருக்காது. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்தால் அறை வாடகை ஆண்டின் உச்சத்தில் நிற்கும். அதற்குப் பொங்கல் விடுமுறை மேல், நாள் குறைவு என்பது ஒன்றுதான் குறை. பொங்கலுக்கு மட்டக்களப்பு, திருகோணமலையில் உறவு இருப்பவர்கள் போகலாம், உறவுக்காக. கடலுக்காகப் போக வேண்டாம். 2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது.

உண்மையில் யோசிக்க வேண்டியது கோடை விடுமுறைக்கும் காலாண்டு விடுமுறைக்கும் நடுவில்தான். ஹட்டனில் உறவும், இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் உள்ள கோத்தகிரிக் குடும்பம் ஒன்று எட்டு நாள் ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். வழி: மேட்டுப்பாளையம், கோவை, திருச்சி, அங்கிருந்து விமானத்தில் கொழும்பு. விமான நிலையம் கட்டுநாயக்கவில், கொழும்புக்கு வடக்கே இருப்பதால் நகருக்குள் போகாமலேயே குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலைக்குப் போய்விடலாம். பகலில் ஆறு மணி நேரம் வையுங்கள்.

கோடை விடுமுறையில் போனால் மே முதல் பதினைந்து நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். தென்மேற்குப் பருவமழை இலங்கையில் கால் வைப்பது பெரும்பாலும் மே 20, 25 வாக்கில். ஹட்டன் அந்தக் காற்றின் நேர்முகத்தில் இருக்கிறது. அருகிலுள்ள வட்டவளை இலங்கையிலேயே மிக அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆகவே மலையை முதலில் வையுங்கள். முதல் நான்கு நாள் ஹட்டன், பிறகு கண்டி வழியாக இறங்கித் திருகோணமலை. கண்டியில் இருந்து சுமார் 180 கிலோமீட்டர். பருவமழை சற்று முந்திக்கொண்டாலும் நீங்கள் அப்போது மலைக்கு மறுபக்கம் இருப்பீர்கள். ஏப்ரல் நடுவில் வரும் புத்தாண்டு வாரத்தில் மட்டும் போக வேண்டாம். கடைகள் மூடியிருக்கும், பேருந்திலும் ரயிலிலும் இடம் கிடைக்காது.

மே மாதத்தில் இன்னொன்றும் உண்டு. ஏப்ரல், மே நாட்களில் தெற்கே வெகுதொலைவில் உருவாகும் பெரிய அலைகள், இங்கே காற்றும் மழையும் இல்லாதபோதே கரைக்கு வந்து சேரும். கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்வது இதைத்தான். 2024 மே தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான். இலங்கையின் தெற்கு, தென்மேற்குக் கரைகளும் அந்த அலைக்குத் திறந்தே இருக்கின்றன. பிள்ளைகளோடு மே மாதத்தில் மிரிஸ்ஸவைவிடக் கிழக்குக் கரையின் நிலாவெளியும் பாசிக்குடாவும் நல்லது என்பதற்கு இதுவே போதும்.

காலாண்டு விடுமுறை, செப்டம்பர் கடைசி. இப்போது வரிசையை மாற்ற வேண்டும்: கடல் முதலில், மலை பிறகு. கிழக்குக் கரையின் நல்ல காலம் முடியப்போகிறது. அக்டோபர் நெருங்க நெருங்க மாலை இடி கூடிக்கொண்டே போகும். திருகோணமலையில் செப்டம்பர் மழை 100 மில்லிமீட்டர் பக்கம்தான், அதுவும் பெரும்பாலும் மாலையில். இறங்கிய அன்றே கிழக்கே போய், நான்கு காலைகளைக் கடலுக்கு வைத்துவிட்டு, பிறகு கண்டி வழியாக ஹட்டன் ஏறுங்கள். ஹட்டனில் அப்போது தூறலும் மூட்டமும் இருக்கும், உறவு பார்க்க அது தடையில்லை.

இரண்டில் எது? ஊட்டி சீசனை நம்பிப் பிழைக்கும் வீட்டுக்கு மே கேள்வியே இல்லை. அவர்களுக்குக் காலாண்டு விடுமுறைதான். மற்றவர்களுக்கு மே முதல் பாதியைச் சொல்வோம்: நாள் அதிகம், கிழக்குக் கடல் தெளிவாகிக்கொண்டே போகும் காலம் அது, செப்டம்பர் கடைசியில் கடல் மறுபக்கம் திரும்பும் காலம். நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலில் போக விரும்புபவர்களுக்கும் மே வாய்ப்பானது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய அந்தச் சேவை, வடகிழக்குப் பருவமழையால் சில நாளிலேயே நிறுத்தப்பட்டது. அக்டோபர் பிறந்தபின் கப்பலை நம்பித் திரும்பும் திட்டம் போடாதீர்கள்.

கிளம்பும் முன் பத்து நாள்

மாதத்தைத் தேர்ந்த பிறகும் கடைசிப் பத்து நாளில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வு மையம் தினமும் வங்காள விரிகுடாவுக்கு வெளியிடும் அறிக்கையில் தாழ்வுப் பகுதி உருவாகும் வாய்ப்பு சொல்லப்பட்டிருக்கும். "தாழ்வுப் பகுதி" என்ற சொல் தென்மேற்கு வங்கக்கடலோடு சேர்ந்து வந்தால் பயணத்தை இரண்டு மூன்று நாள் தள்ளிவைக்கும் வழியைத் தேடுங்கள். ஹட்டன், பதுளை போகிறவர்கள் இலங்கையின் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் தரும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள்: மஞ்சள் என்றால் கவனம், அடுத்த நிலை தயாராக இருத்தல், சிவப்பு என்றால் அங்கே இருப்பவர்களே வெளியேற வேண்டும் என்று பொருள்.

மூன்றாவது, கடல் நிலை முன்னறிவிப்பு. அதில் அலை உயரத்தோடு இரண்டு அலைகளுக்கு இடையிலான நேரமும் வரும். உயரம் ஒரு மீட்டருக்குள் என்றால் பிள்ளைகளை இறக்கலாம். ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் கரையில் மணல் விளையாட்டு போதும். உயரம் குறைவாக இருந்தும் இடைவெளி 14, 15 விநாடிக்கு மேல் காட்டினால் அது தொலைவில் இருந்து வரும் பேரலை. நீண்ட நேரம் சாதுவாக இருந்துவிட்டுத் திடீரென்று இரண்டு மூன்று பெரிய அலைகள் சேர்ந்து ஏறும். அன்று பாறைமீது நின்று படம் எடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை இதற்கு நேரெதிரான ஒரு ஆபத்து இருக்கிறது. அலையே இல்லாத கடல் தட்டையாகத் தெரியும், காரணம் கச்சான் காற்று நிலத்தில் இருந்து கடலை நோக்கி வீசுகிறது. காற்றடைத்த மிதவையிலோ ரப்பர் வளையத்திலோ பிள்ளைகளை உட்காரவைத்தால் அந்தக் காற்று அவர்களைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளும். கரையில் நிற்பவருக்கு அலை தெரியாததால் நகர்வதும் தெரியாது. மிதவை வேண்டுமென்றால் கயிறு கட்டி, அதன் மறுமுனையை இடுப்பளவு நீரில் நிற்கும் பெரியவர் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். புறாத்தீவுக்குப் படகு ஏறுவதென்றால் காலை ஏழு, எட்டு மணிக்குள் ஏறி, காற்று ஏறுமுன் திரும்பிவிடுங்கள். உயிர்காப்புச் சட்டை பிள்ளையின் அளவுக்கு இருக்கிறதா என்று படகில் கால் வைக்குமுன் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.